இறந்தவரின் கடைசிச் சம்பளம்: நேரில் கேட்பதா, கடிதம் எழுதுவதா, தொழில் அலுவலகம் போவதா?

2025 மார்ச் 17ஆம் தேதி என் சித்தியின் மகளுடைய கணவர் நெஞ்சுவலியில் போனார். களுவாஞ்சிகுடிப் பக்கம் வீடு. மட்டக்களப்பு நகரில் கட்டடப் பொருள் விற்கும் கடையொன்றில் ஸ்டோர் கீப்பராக 11 வருடமும் 7 மாதமும் வேலை செய்தவர். முதல்நாள் சனம் கூடியிருந்த இடத்திலேயே முதலாளி வந்து தங்கச்சியிடம், “ஒண்டுக்கும் யோசிக்காத புள்ள, முப்பத்தொண்டு முடியட்டும், நான் பாத்துத் தாறன்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் இன்னொரு நிறுவனத்தில் பல வருடமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறவன். எனக்கு அந்த “முப்பத்தொண்டு” என்ற சொல்லில்தான் மனம் நின்றது. பணிக்கொடைச் சட்டம் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதலாளி பணிக்கொடையைக் கட்ட வேண்டும், வேலை மரணத்தால் முடிந்தால் அது உரித்தாளர்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. தங்கச்சியின் கணவருக்கு அந்த 30 நாள் முடிவது ஏப்ரல் 16. முப்பத்தோராம் நாள் கிரியையும் அதே நாள். நாங்கள் கிரியை முடிந்து வாய் திறக்கும்போது முதலாளிக்கான தவணையே தீர்ந்திருக்கும். ஆகவே காத்திருக்கவில்லை. ஆனால் எந்த வழியில் கேட்பது என்று வீட்டுக்குள் ஒரு கிழமை வாதம் நடந்தது. மாமா நேரில் போய்ப் பேசலாம் என்றார். தங்கச்சியின் அண்ணன் நேரே தொழில் அலுவலகம் என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் வழக்கறிஞரைப் பிடியுங்கள் என்றார். நான் கடிதம் என்றேன்.

வழியைத் தெரிவதற்கு முன் முதலாளியிடம் வர வேண்டியது எது, வேறு இடத்திலிருந்து வருவது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பாதிக் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். ஊழியர் சேமலாப நிதி முதலாளியின் கையில் இருக்கும் பணம் இல்லை. மாதாமாதம் ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மத்திய வங்கியில் உறுப்பினர் கணக்கில் சேர்ந்திருக்கும். இறந்தவர் பெயர் குறித்தவரோ, குறிக்காவிட்டால் உரித்தாளர்களோ, தொழில் அலுவலகம் வழியாக அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி மட்டும் கட்டும் 3 வீத ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் அப்படித்தான், அதற்கு வேறு விண்ணப்பம். “ஈபிஎஃப் வரும்தானே, அதோட எல்லாம் சரி” என்று முதலாளி சொன்னால் அவர் தன் கடனை இறந்தவரின் சேமிப்புப் பணத்தால் மறைக்கிறார் என்று பொருள். அவர் தர வேண்டியது கடைசி மாதத்தில் வேலை செய்த நாட்களின் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, எடுக்காத வருடாந்த லீவின் சம்பளம், பணிக்கொடை. இந்த நான்கையும்தான் அவரிடம் கேட்கிறோம்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. சம்பளத் துண்டில் அடிப்படை 36,000, வாழ்க்கைச் செலவுப் படி 12,000, மொத்தம் 48,000 ரூபாய். மார்ச்சில் 17 நாள் சம்பளம், நாளொன்றுக்கு 1,600 வீதம் 27,200. பெப்ரவரியில் இருந்து கட்டாமல் கிடந்த மேலதிக நேரம் 20 மணித்தியாலம். கடை, அலுவலக ஊழியருக்கு மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து வரும் மணிக் கூலியின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மணிக்கு 300 ஆக அது 6,000. எடுக்காத லீவு ஐந்து நாளுக்கு 8,000. பணிக்கொடை மாதச் சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். 24,000ஐ 11ஆல் பெருக்க 264,000. மிச்ச ஏழு மாதம் முழு வருடம் ஆகாததால் சேராது. அதைச் சேர்த்துக் கேட்டிருந்தால் எங்கள் கணக்கிலேயே பிழை பிடித்து முழுவதையும் இழுத்தடித்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. ஜனவரியில் அவர் கடையில் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். கொப்பியில் அவர் கையெழுத்தில் குறிப்பு இருந்தது. அதை நாங்களே கழித்துக் காட்டினோம். கேட்ட மொத்தம் 290,200 ரூபாய்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

நேரில் போவது முதல் வழி. எங்கள் ஊரில் இது இயல்பு. முதலாளி பத்து வருடப் பழக்கம், கல்யாணத்துக்கு வந்தவர், பிள்ளையின் பெயர் தெரியும். காசும் சில இடங்களில் இப்படித்தான் விரைவாக வருகிறது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் சின்னக் கடையாக இருந்து, கேட்பதும் கடைசி மாதச் சம்பளம் மட்டுமென்றால் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஆனால் பணிக்கொடை என்று வந்ததும் நிலைமை மாறுகிறது. பேச்சில் சட்ட உரிமை முதலாளி செய்யும் உதவியாக மாறிவிடும். எட்டுச் செலவுக்கு முதலாளி கொடுத்த 25,000 ரூபாயை அவர் எந்தக் கணக்கில் கொடுத்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை, கேட்கக்கூடிய நேரமும் அல்ல. பிறகு அதையே “அட்வான்ஸ் குடுத்தனான்தானே” என்றார். நேரில் போகும்போது விதவை போக முடியாது என்பது இன்னொரு சிக்கல். தங்கச்சி முப்பத்தொன்று முடியாமல் வெளியே கால் வைக்கவில்லை. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு முஸ்லிம் பெண்ணானால் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அதுவரை அண்ணனோ மச்சானோ போய்ப் பேசுவார்கள். அவர்கள் வாயால் ஒப்புக்கொண்ட தொகை அவளுடைய பிள்ளைகளின் பணம் என்பதை அந்த மேசையில் யாரும் நினைப்பதில்லை.

நேரில் போனதால் எங்களுக்கு வந்த பெரிய ஆபத்து ஒரு ரசீது. மாமா நான் சொல்வதைக் கேட்காமல் ஒரு தடவை போய் வந்தார். 75,000 ரூபாய் தருவதாகவும், “சேவைக்கால உரித்துகள் யாவும் பூரணமாகப் பெற்றுக்கொண்டேன்” என்று தங்கச்சி கையொப்பமிட வேண்டும் என்றும் சொல்லி, தட்டச்சு செய்த தாளையே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தொகைக்கான இடம் வெறுமையாக இருந்தது. இப்படியொரு தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்கக்கூடாது. காசு அவசரம் என்றால் வாங்கலாம், ஆனால் தொகையை எழுத்திலும் இலக்கத்திலும் எழுதி, “பகுதிக் கொடுப்பனவாக, எஞ்சிய உரித்துகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டேன்” என்று தன் கையாலேயே எழுத வேண்டும். அந்த ஒரு வரி பின்னால் விசாரணையில் காப்பாற்றும். நாங்கள் 75,000ஐ வாங்கவில்லை.

இரண்டாவது வழி, கடிதம். நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். கடிதம் சண்டைக்காரக் காரியம் என்று எங்கள் வீட்டில் பயந்தார்கள். கணக்குப் பக்கம் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்: முதலாளியின் மனம் இருந்தாலும் கணக்காளர் ஒரு தாள் இல்லாமல் மூன்று லட்சம் ரூபாய்க்குக் காசோலை எழுத முடியாது. யாருக்கு, எந்த உரிமையில், எவ்வளவு என்று ஒரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்பைத்தான் நாங்கள் ஆக்கிக் கொடுக்கிறோம். நாங்கள் மார்ச் 28இல் பதிவுத் தபாலில் அனுப்பியது இதுதான், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

“மதிப்புக்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் 2013 ஆகஸ்ட் முதல் ஸ்டோர் கீப்பராகக் கடமையாற்றிய எனது கணவர் 2025 மார்ச் 17ஆம் தேதி சேவையில் இருக்கும்போதே காலமானார். அந்நேரம் நீங்களும் சக ஊழியர்களும் உடன் நின்றதற்கு நன்றியுடையேன். அவருக்குச் சேர வேண்டிய கொடுப்பனவுகளின் விபரத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அவர் பெற்ற முன்பணம் 15,000 ரூபாயைக் கழித்த பின் தொகை 290,200 ரூபாய். இதில் பணிக்கொடை 264,000 ரூபாய், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஏப்ரல் 16ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டியது. கணக்கில் மாற்றம் இருந்தால் எழுத்தில் அறியத் தாருங்கள். காசோலையை எனது பெயரில் வரைந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

நன்றி சொன்ன வரியை நான் வேண்டுமென்றே வைத்தேன், அது உண்மையும் கூட. கடிதத்தோடு போனவை: மரணச் சான்றிதழின் பிரதி, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, அடையாள அட்டைப் பிரதி, உரித்தாளர் யார் யார் என்று கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய கடிதம், சமாதான நீதவான் முன் முடித்த ஒரு சத்தியக்கடதாசி. மூலப்பத்திரம் ஒன்றையும் அனுப்பவில்லை. பதிவுத் தபால் துண்டைக் கடிதப் பிரதியின் மேல் குத்தி வைத்தேன். தொழில் அலுவலகத்தில் முதலில் கேட்டது அந்தத் துண்டைத்தான்.

சத்தியக்கடதாசியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல முதலாளியும் தயங்கும் இடம் இது. யாரிடம் கொடுத்தால் நாளைக்கு வேறொருவர் வந்து கேட்கமாட்டார் என்ற பயம் அவருக்கு நியாயமானது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது, பொதுச் சட்டம்தான். இறந்தவர் மரணசாசனம் எழுதாவிட்டால் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லாவிட்டால் மற்றப் பாதி பெற்றோர், சகோதரர் பக்கம் போகும். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. தாய் தகப்பன் உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஒரே தெருவில் இரண்டு கணக்கு. அதனால் மனைவி தனியே கையெழுத்து வைத்த கடதாசி முதலாளிக்குப் போதாது. வயது வந்த உரித்தாளர் எல்லோரும் ஒரே சத்தியக்கடதாசியில், இந்தப் பணத்தை இன்னாரிடம் கொடுக்கச் சம்மதம் என்று கையொப்பமிட்டால் அவர் காசோலை எழுத அஞ்சமாட்டார். எங்கள் தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். பிள்ளைகள் இருப்பதால் சட்டப்படி மாமியாருக்குப் பங்கு இல்லை. என்றாலும் மாமியாரின் கையொப்பத்தையும் வாங்கினோம். அது கேட்கப்பட்டதல்ல. ஆனால் அதைப் பார்த்ததும் கணக்காளரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

கடிதத்தின் குறை ஒன்றுதான். பதில் போடாமல் இருக்க அவரால் முடியும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. சித்திரைப் புத்தாண்டு போனது, முப்பத்தொன்று போனது. ஏப்ரல் கடைசியில் கணக்காளர் தொலைபேசியில் எடுத்து, பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான், 198,000 ரூபாய் என்றார். 36,000இல் பாதியைப் பதினொன்றால் பெருக்கியிருந்தார். வித்தியாசம் 66,000. இது தெரியாமல் செய்த பிழையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அடிக்கடி நடப்பது. வாழ்க்கைச் செலவுப் படி பணிக்கொடைக்கான சம்பளத்தில் சேரும் என்று சட்டத்தின் வரைவிலக்கணத்திலேயே இருக்கிறது. மேலதிக நேரக் காசு சேராது. ஆகவே சம்பளத் துண்டில் ஒவ்வொரு வரியின் பெயரையும் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது வழி தொழில் அலுவலகம். மே 2ஆம் தேதி முறைப்பாடு கொடுத்தோம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, வேலை செய்த இடம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கே கொடுக்க வேண்டும். வீடு அம்பாறை மாவட்டத்தில் இருந்து கடை மட்டக்களப்பில் இருந்தால் மட்டக்களப்பில்தான். அலுவலகம் முதலாளிக்கு அறிவித்தல் அனுப்பி இருவரையும் ஒரு நாளில் அழைக்கும். முதல் நாளில் அவர் வரவில்லை, தவணை போட்டார்கள். இரண்டாம் நாள் கணக்காளர் வந்தார். அலுவலர் எங்கள் கடிதத்தையும் சம்பளத் துண்டையும் வைத்துக் கணக்கைக் கேட்டார், பதினைந்து நிமிடம் கூட எடுக்கவில்லை. கடிதம் இல்லாமல் வந்திருந்தால் அந்தக் கணக்கை அங்கேயே வாய்ச்சொல்லாகத் தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

இந்த வழியின் பலம் மேலதிகக் கட்டணத்தில் இருக்கிறது. 30 நாள் தாண்டினால் தாமதத்தைப் பொறுத்துப் பணிக்கொடையோடு மேலதிகம் கட்ட வேண்டும்: ஒரு மாதம் வரை 10 வீதம், மூன்று மாதம் வரை 15, ஆறு மாதம் வரை 20, ஒரு வருடம் வரை 25, அதற்கு மேல் 30. கொடுக்காவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடலாம், குற்றப் பணம் அறவிடுவது போல. முதலாளிக்கு இது தெரியும்போது பேச்சின் தொனியே மாறுகிறது. இதன் விலை உறவு. அறிவித்தல் போன நாளிலிருந்து முதலாளி தங்கச்சி வீட்டுப் பக்கம் வரவில்லை. மூத்த பிள்ளையின் பள்ளிச் செலவை நான் பார்க்கிறேன் என்று சொன்னதும் அதோடு நின்றது. இதை மறைத்து, முறைப்பாட்டில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நான் எழுதமாட்டேன். ஆனாலும் வாக்கை நம்பி அதைக் காப்பாற்ற 264,000ஐ விட்டிருக்க முடியாது.

முதலிலேயே தொழில் அலுவலகம் போக வேண்டிய இடங்களும் உண்டு. கடை மூடப்போகிறது, பங்காளிகள் பிரிகிறார்கள் என்று கேள்விப்பட்டால் கடிதத்துக்குப் பதில் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. சம்பளத்தில் 8 வீதம் வெட்டியும் சேமலாப நிதிக்குக் கட்டவில்லை என்று தெரிந்தாலும் அப்படித்தான்.

வழக்கறிஞர் வழியை எங்கள் அளவுக்கு நான் வேண்டாம் என்றேன். வழக்கறிஞர் கடிதம் போனால் அவரும் ஒருவரைப் பிடிப்பார், பிறகு பேசுவது அவர்கள் இருவரும்தான். ஆனால் உரித்தாளருக்குள் இழுபறி இருந்தால், இரண்டாம் தாரம் என்று ஒருவர் வந்தால், அல்லது ஊழியர் 15 பேருக்குக் குறைவு என்று முதலாளி சொன்னால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். பணிக்கொடைச் சட்டம் கட்டாயமாவது, வேலை முடிவதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளாவது 15 பேரோ கூடவோ வேலை செய்த இடத்துக்குத்தான், அதுவும் ஐந்து வருடச் சேவை முடித்தவருக்கு. எங்கள் கடையிலும் முதலில் 13 பேர் என்றார்கள். லொறி ஓட்டுநர் இருவரையும் லோடிங் பொடியன்கள் நால்வரையும் எண்ணாமல் சொன்ன கணக்கு அது. கடையின் சேமலாப நிதிப் பட்டியலிலேயே அந்த ஓட்டுநர்கள் இருவரின் பெயரும் இருந்தன. பதினைந்துக்குக் குறைவென்றாலும் மீதிச் சம்பளமும் மேலதிக நேரமும் லீவுக் காசும் சேமலாப நிதியும் கொடுத்தே ஆக வேண்டும், அதற்கு ஆள் எண்ணிக்கை இல்லை.

எனக்கு இப்போது யாராவது இதைக் கேட்டால் சொல்லும் ஒழுங்கு இது. எட்டுச் செலவுக்குள் சம்பளத் துண்டுகளையும் நியமனக் கடிதத்தையும் தேடி எடுத்துவிடுங்கள். இரண்டாம் கிழமையில் கடிதம் போகட்டும். ஒரு பெரியவர் அந்தக் கடிதத்தின் பிரதியோடு நேரில் போய், “ஐயா, இதைப் பாத்துக் குடுங்கோ” என்று மரியாதையாகச் சொல்லட்டும். நேரில் போவது கடிதத்துக்குப் பின்னால் என்றால் நல்லது, கடிதத்துக்குப் பதிலாக என்றால் கூடாது. முப்பதாம் நாள் தாண்டி இரண்டு கிழமையில் ஒன்றும் வராவிட்டால் முறைப்பாடு.

ஜூன் 27இல் தங்கச்சிக்குக் காசு வந்தது. கேட்ட 290,200 உடன் பணிக்கொடைக்கு 15 வீத மேலதிகம் 39,600, எல்லாம் 329,800 ரூபாய். எட்டுச் செலவுக்குக் கொடுத்த 25,000ஐக் கழிக்க முயன்றார்கள், முன்பணம் என்று காட்ட ஒரு கையொப்பமும் இல்லாததால் அலுவலர் விடவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் பிழைத்தது. காசோலையை இறந்தவரின் பெயரிலேயே எழுதிவிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரை அப்படியே பார்த்து எழுதியிருக்க வேண்டும். வங்கியில் கொடுத்ததும் திருப்பித் தந்தார்கள். தங்கச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்று என்னை அழைத்தாள். அன்றைக்கே கடைக்குத் திரும்பிப் போய், அவளுடைய அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்து எழுத்தாகச் சொல்லி வேறு காசோலை எழுதுவித்தோம்.